ஆறு வீச்சும் ஒரு காரல் கூட்டமும்: பல்வகைமைச் சுட்டிக்கு நம்பிக்கை ஆயிடை எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவியில் மீன் எண்ணும் இறுதியாண்டு ஆய்வுகளுக்குப் புள்ளிவிபரக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. பெரும்பாலும் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, வரைவைக் கையளிக்க இரண்டு நாள் இருக்கும்போதுதான் கேள்விகள் வரும். எல்லாக் கேள்விக்கும் ஒரே தாளை வைத்துப் பதில் சொன்னால் விளங்கும் என்பதால் கீழே ஒரு தாள் தந்திருக்கிறேன். இது உதாரணத்துக்காக நானே ஆக்கியது, யாருடைய ஆய்வும் அல்ல. பாலமீன்மடுப் பக்கம் வீச்சுவலையால் ஆறு வீச்சு வீசி, அகப்பட்டதை எண்ணியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

| வீச்சு | மணலை | காரல் | ஓரா | ஜப்பான் மீன் | முரல் | கெளிறு | கொடுவா |
|---|---|---|---|---|---|---|---|
| 1 | 3 | 1 | 2 | 1 | 0 | 0 | 0 |
| 2 | 1 | 22 | 0 | 0 | 0 | 0 | 0 |
| 3 | 2 | 0 | 1 | 3 | 0 | 0 | 0 |
| 4 | 4 | 2 | 0 | 0 | 1 | 1 | 0 |
| 5 | 1 | 0 | 3 | 2 | 0 | 0 | 0 |
| 6 | 3 | 3 | 2 | 1 | 0 | 0 | 1 |
| மொத்தம் | 14 | 28 | 8 | 7 | 1 | 1 | 1 |

மொத்தம் 60 மீன், 7 இனம். இனப் பல்வகைமையை அளக்கும் ஷானன் சுட்டி, இயற்கை மடக்கையில், H = 1.42. (அடி 2 மடக்கையில் எடுத்தால் இதே தாளுக்கு 2.05 வரும். எந்த அடி என்று எழுதாத அறிக்கையை வேறொன்றோடு ஒப்பிடவே முடியாது.)

புத்தகத்தில் உள்ள சூத்திரத்தைப் போட்டேன், 95% ஆயிடை 1.20 முதல் 1.63 வரை வந்தது. இதையே எழுதினால் என்ன பிழை?

கணக்கில் பிழை இல்லை. நீங்கள் போட்டது ஹட்சிசன் 1970இல் தந்த சூத்திரம்:

```
Var(H) = [ Σ p (ln p)² − H² ] / N + (S − 1) / (2N²)
```

இங்கே p ஒவ்வோர் இனத்தின் பங்கு, N மொத்த மீன், S இனங்களின் எண்ணிக்கை. நம் தாளுக்கு முதல் உறுப்பு 0.0111, இரண்டாவது 0.0008. கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் நியம வழு 0.109. அதை 1.96ஆல் பெருக்கி 1.42இலிருந்து கழித்தும் கூட்டியும் பார்த்தால் நீங்கள் சொன்ன எல்லைகள்தான் வரும்.

பிழை அந்த N-இல் இருக்கிறது. N = 60 என்று போட்டவுடன், 60 மீன்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், ஒவ்வொன்றாகக் கண்ணை மூடி வாவியிலிருந்து எடுக்கப்பட்டவை என்று சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது வீச்சைப் பாருங்கள். அங்கே வந்த 22 காரலும் ஒரே கூட்டம். ஒன்று அகப்பட்டதால்தான் மற்ற 21உம் அகப்பட்டன. வலை இரண்டு முழம் தள்ளி விழுந்திருந்தால் ஒன்றுமே வந்திராது.

நான் மாணவனாக இருந்தபோது இதே பிழையை விட்டேன். அதைப் பிடித்தவர் வலை வீசிக்கொண்டிருந்த அண்ணன்தான், எந்தப் புத்தகமும் அல்ல. நான் காரலை ஒவ்வொன்றாக எண்ணிக் கோடு போடுவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, அது எல்லாம் ஒரு காரல்தான்" என்றார். அன்று சிரித்துவிட்டுத் தொடர்ந்து எண்ணினேன். இப்போது யோசித்தால் மாதிரி அலகு என்றால் என்ன என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

நம்மிடம் சுயாதீனமாக இருப்பவை 60 மீன் அல்ல, 6 வீச்சு. சூத்திரத்துக்கு அந்த 6 எங்குமே தெரியாது. 60 மீனும் ஒரே வீச்சில் வந்திருந்தாலும் அது அதே 1.20–1.63ஐத்தான் தரும்.

அப்ப பூட்ஸ்ட்ராப் செய்கிறேன். மீன்களை மீள எடுப்பதா, வீச்சுகளை மீள எடுப்பதா?

வீச்சுகளை.

எஃப்ரன் 1979இல் முன்வைத்த முறையின் சாரம் எளிது. கையில் உள்ள மாதிரியையே குடித்தொகையாகப் பாவித்து, அதிலிருந்து அதே அளவில், எடுத்ததைத் திரும்ப வைத்து, மீள மீள மாதிரி எடுப்பது. ஒவ்வொரு மீள்மாதிரிக்கும் H கணித்தால் அந்த H-கள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று தெரியும். ஆனால் எதைத் திரும்ப எடுக்கிறீர்களோ அதுதான் சுயாதீனமான அலகு என்று நீங்கள் சொல்வதாக ஆகிவிடும். 60 மீனையும் ஒரு பையில் போட்டு மீள எடுத்தால், ஹட்சிசன் சூத்திரம் செய்த அதே பிழையைக் கணினியில் 5000 தடவை செய்கிறீர்கள். ஆயிடையும் ஏறக்குறைய அதே அகலத்தில்தான் வரும். பூட்ஸ்ட்ராப் செய்தேன் என்ற ஆறுதல் மட்டும் மிச்சம்.

வீச்சுகளை எடுத்தால் என்ன நடக்கிறது என்று கையால் பார்ப்போம். ஒரு தாயக்கட்டையை ஆறு தடவை உருட்டுகிறீர்கள், 1, 3, 4, 5, 6, 6 விழுகிறது. வீச்சு 2 வரவில்லை. காரல் 9ஆகக் குறைகிறது, H = 1.61. இன்னொரு தடவை 1, 2, 2, 3, 5, 6. இப்போது காரல் 48, மொத்தம் 75 மீன், முரலும் கெளிறும் காணாமல் போய்விட்டன, H = 1.08. மூன்றாவது தடவை 1, 2, 2, 2, 3, 6 விழுந்தால் காரல் 70, H = 0.83.

ஆக எல்லாமே வீச்சு 2 எத்தனை தடவை வருகிறது என்பதில் தொங்குகிறது. அது ஒரு தடவையும் வராமல் போக நிகழ்தகவு (5/6)⁶ = 0.335. ஒரு தடவை வர 0.402. இரண்டோ அதற்கு மேலோ வர 0.263. சதமணை முறையில் 2.5%, 97.5% எல்லைகளை எடுத்தால் ஏறக்குறைய 0.8 முதல் 1.6 வரை வரும். சூத்திரம் தந்த அகலம் 0.43. இதன் அகலம் அதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு, விரிந்தது முழுக்கக் கீழ்ப்பக்கம்.

R-இல் இதற்கு நீளமான நிரல் வேண்டுமா?

இல்லை.

```r
v <- rbind(c(3,1,2,1,0,0,0), c(1,22,0,0,0,0,0),
           c(2,0,1,3,0,0,0), c(4,2,0,0,1,1,0),
           c(1,0,3,2,0,0,0), c(3,3,2,1,0,0,1))
H <- function(x) { p <- x[x > 0] / sum(x); -sum(p * log(p)) }
b <- replicate(5000,
       H(colSums(v[sample(6, replace = TRUE), ])))
quantile(b, c(.025, .975))
hist(b, breaks = 40)
```

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எல்லைகளைவிட அந்தப் படம் முக்கியம். மணி போன்ற ஒரே மேடு வந்தால் பரவாயில்லை. நம் தாளுக்கு அப்படி வராது. 1.5 பக்கத்திலும் 1.4க்குச் சற்றுக் கீழேயும் ஒன்றோடொன்று கலந்த இரண்டு, 1.1 பக்கம் ஒன்று, 0.8 பக்கம் சின்னதாக ஒன்று என்று மேடு மேடாகத் தெரியும். ஒவ்வொரு மேடும் வீச்சு 2 எத்தனை தடவை வந்தது என்பதன் சுவடு. இப்படி ஒரு படம் வந்தால், உங்கள் விடை முழுக்க ஒரே ஒரு வீச்சின் தலையில் நிற்கிறது என்று அர்த்தம்.

5000க்குப் பதிலாக ஒரு இலட்சம் தடவை ஓட்டினால் சரியாகிவிடுமா?

ஆறு வீச்சிலிருந்து உருவாகக்கூடிய வெவ்வேறு மீள்மாதிரிகள் மொத்தமே 462. வரிசையை மாற்றினால் மொத்தம் மாறாது என்பதால் அதற்கு மேல் இல்லை. 5000இலேயே அவற்றில் அடிக்கடி வரக்கூடியவை எல்லாம் பலமுறை வந்துவிடும். ஓட்டத்தைக் கூட்டினால் எல்லைகளின் மூன்றாவது தசம தானம் நிலைக்கும், அவ்வளவுதான். வாவியைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரியவராது.

இன்னொன்று: அலகுகள் சில மட்டுமே இருக்கும்போது பூட்ஸ்ட்ராப்பே பரம்பலைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். n அலகுகளின் சராசரிக்கு அது தரும் மாறற்றிறன் (n−1)/n மடங்காகச் சுருங்கும். ஆறுக்கு அது 5/6. H சராசரி அல்ல என்றாலும் அதே போக்குத்தான். ஆகவே 0.8–1.6 என்று அகலமாக வந்ததும்கூட உண்மையில் கொஞ்சம் ஒடுக்கமானதுதான். 95% என்று எழுதினாலும் உண்மை அளவு அதற்குக் கீழே இருக்கும்.

பூட்ஸ்ட்ராப் H-கள் பெரும்பாலும் 1.42க்குக் கீழேயே விழுகின்றன. நிரலில் பிழையா?

நிரல் சரி. மீள்மாதிரியில் இனங்கள் தொலையலாம், புது இனம் சேர முடியாது. முரலும் கெளிறும் வீச்சு 4இல் மட்டும்தான் இருக்கின்றன. அந்த வீச்சு எடுபடாமல் போகும் மூன்றில் ஒரு தடவை இரண்டும் சேர்ந்தே காணாமல் போகும். கொடுவாவின் கதையும் வீச்சு 6இல் இதேதான். அதனால் மீள்மாதிரிகளின் H கீழ்நோக்கிச் சாயும்.

இதில் சங்கடம் என்னவென்றால், முதல் மாதிரியும் வாவியோடு ஒப்பிட்டால் அதே மாதிரித்தான் சாய்ந்திருக்கிறது. வாவியில் இருந்தும் வலையில் வராத இனங்கள் இருக்கும். பாடும் மீனை எந்த வலையும் இன்னும் எண்ணித் தரவில்லையே! ஆக சதமணை ஆயிடை ஒரே சாய்வை இரண்டு தடவை சுமக்கிறது. மீன்கள் சுயாதீனம் என்று கொண்டால் அந்தச் சாய்வின் முதல் மதிப்பீடு (S−1)/(2N), இங்கே 6/120 = 0.05. அதாவது 1.42க்குப் பதில் 1.47. ஒரேயொரு தடவை கண்ட இனங்கள் 3 என்பதால், கூட்டத்தின் ஏறக்குறைய 95 சதவீதம் நாம் கண்ட இனங்களுக்குள் அடங்குகிறது என்று 1 − 3/60 சொல்கிறது. ஆகவே இந்தத் தாளில் சாய்வு சிறியது, காரல் கூட்டம்தான் பெரிய தொல்லை. ஒற்றை மீன் இனங்கள் மொத்த மீன்களில் கால்வாசி என்ற நிலை வந்தால் அப்போது சாய்வுதான் முதல் தொல்லை.

சிலர் ஆயிடையை மறுபக்கம் பிரதிபலித்துத் திருத்துவார்கள்: 2 × 1.42இலிருந்து இரண்டு எல்லைகளையும் கழிப்பது. செய்து பார்த்தால் மேல் எல்லை 2.0க்கு மேலே போகிறது. ஏழு இனங்கள் மட்டும் என்றால் H எப்படியும் ln 7 = 1.95ஐத் தாண்டாது. காணாத இனங்கள் சில இருந்தால் 2.0 நடக்காதது அல்ல. ஆனால் இங்கே மேல் எல்லையை அங்கே தள்ளியது காணாத இனங்கள் அல்ல, கீழ்ப்பக்கம் இழுத்த காரல் கூட்டம். ஒரு பக்கத்துத் தொல்லையை மறுபக்கம் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சாய்வையும் சமச்சீரின்மையையும் திருத்தும் BCa என்ற பூட்ஸ்ட்ராப் முறைக்கும் ஆறு வீச்சு போதாது. அதற்கு வேண்டிய முடுக்கம் என்ற எண்ணை ஒவ்வொரு வீச்சாக விட்டுவிட்டுக் கணிக்க வேண்டும், அதாவது ஆறே ஆறு எண்களிலிருந்து.

என் தாளில் எந்தக் கூட்டமும் இல்லை, எல்லா இனமும் கிட்டத்தட்டச் சம அளவு. அப்படியென்றால் பழைய சூத்திரமே போதும்தானே?

அங்கேதான் அது மிக மோசமாகச் சறுக்கும். 5 இனம், ஒவ்வொன்றிலும் 12 மீன் என்று வையுங்கள். H = ln 5 = 1.609. எல்லா p-யும் சமம் என்பதால் Σ p (ln p)² உம் H² உம் ஒரே எண். முதல் உறுப்பு பூச்சியம். மிஞ்சுவது 4/7200, நியம வழு 0.024, ஆயிடை 1.56–1.66. இரண்டு கோளாறு: 60 மீனைப் பார்த்துவிட்டு இவ்வளவு உறுதியாகப் பேசுவது ஒன்று, ஐந்து இனத்துக்கு எட்டவே முடியாத 1.66ஐ மேல் எல்லையாக வைப்பது மற்றது.

பூட்ஸ்ட்ராப்புக்குப் போனால் வேறொரு வேடிக்கை. மீன்களைச் சுயாதீனமாகவே மீள எடுங்கள். எந்த மீள்மாதிரியும் ln 5ஐத் தாண்ட முடியாது, கீழே மட்டும்தான் போகலாம். சதமணை எல்லைகள் ஏறக்குறைய 1.52, 1.605. உங்கள் மதிப்பீடான 1.609 அந்த ஆயிடைக்குள்ளேயே இல்லை!

கூட்டம் சமமாக இருக்கும்போது H தன் உச்சத்தில் நிற்கிறது. உச்சியில் நிற்பவன் எந்தப் பக்கம் காலெடுத்து வைத்தாலும் கீழேதான். இரு பக்கமும் ஒரே அளவு தள்ளாடும் என்று நினைத்து எழுதிய சூத்திரத்துக்கு அங்கே வேலை இல்லை. இதைக் கண்டுபிடிக்க H-ஐ ln S ஆல் வகுத்துப் பாருங்கள். 0.95க்கு மேலே என்றால் நான் ± போட்டு எழுத விடுவதில்லை. இது என் வழக்கம், எங்கும் எழுதிய விதி அல்ல.

வீச்சு 2 ஒரு விதிவிலக்கு. அதை நீக்கிவிட்டால் எல்லாம் சுத்தமாக வருகிறது. நீக்கலாமா?

நீக்கினால் H = 1.60, படமும் அழகாக இருக்கும். ஆனால் காரல் கூட்டமாகத் திரிவதுதான் அந்த வாவியின் இயல்பு. அதை நீக்கிய பின் நீங்கள் அளப்பது காரல் கூட்டம் இல்லாத ஒரு வாவியை. வலை கிழிந்தது, வள்ளம் இழுபட்டது, இரண்டு வீச்சை ஒன்றாக எண்ணிவிட்டீர்கள் என்று களக்குறிப்பில் ஒரு காரணம் இருந்தால் நீக்குங்கள். எண் பெரிது என்பது காரணம் அல்ல.

கூட்டத்தின் ஆதிக்கம் உங்கள் கேள்விக்குத் தேவையில்லை என்றால், நேர்மையான வேறு வழி இருக்கிறது. மீன்களை எண்ணாமல், ஒவ்வொரு இனமும் எத்தனை வீச்சில் வந்தது என்று எண்ணுங்கள். மணலை 6, காரல் 4, ஓரா 4, ஜப்பான் மீன் 4, மற்ற மூன்றும் ஒவ்வொன்று. இந்த 21 பதிவுகளுக்கு H = 1.74. இருபத்திரண்டு காரலும் இப்போது உண்மையிலேயே "ஒரு காரல்" ஆகிவிட்டன. இது 1.42இன் திருத்தம் அல்ல, வேறொரு அளவு. எதை அளந்தீர்கள் என்று எழுதிவிட்டு, வீச்சுகளை மீள எடுத்து இதற்கும் ஆயிடை போடலாம்.

ஒவ்வொரு வீச்சுக்கும் தனித்தனி H எடுத்து, ஆறுக்கும் சராசரியும் t ஆயிடையும் போட்டால் பூட்ஸ்ட்ராப்பே வேண்டாமே?

போடலாம், ஆனால் அது வேறு கேள்விக்குப் பதில். ஆறு H-களின் சராசரி 1.03, எல்லாம் சேர்த்தால் 1.42. முதலாவது ஒரு வீச்சுக்குள் எவ்வளவு கலப்பு என்பது, இரண்டாவது அந்த இடம் முழுவதிலும் எவ்வளவு என்பது. அதோடு ஆறேழு மீன் உள்ள வீச்சின் H எப்போதும் கீழே சாய்ந்தே இருக்கும். அதனால் அந்தச் சராசரி வலையின் அளவையும் சேர்த்துத்தான் அளக்கிறது.

பாலமீன்மடுவையும் கல்லாற்றுப் பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். இரண்டு ஆயிடையும் மேற்படிந்தால் வித்தியாசம் இல்லை என்று எழுதலாமா?

வேண்டாம். மேற்படிந்தும் வித்தியாசம் இருக்கலாம். ஒவ்வொரு இடத்தின் வீச்சுகளையும் அந்தந்த இடத்துக்குள்ளேயே மீள எடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு H-களின் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசங்களின் 2.5%, 97.5% எல்லைகளுக்குள் பூச்சியம் இருக்கிறதா என்று பாருங்கள். ஹட்சிசனின் t சோதனையும் மீனைத்தான் அலகாக எண்ணுகிறது. ஒரு பக்கம் ஒரு கூட்டம் அகப்பட்டுவிட்டால் அது உடனே வித்தியாசம் உண்டு என்று சொல்லிவிடும்.

எண்ணிக்கையைவிட நாளைப் பாருங்கள். ஒரு இடத்து ஆறு வீச்சும் ஒரே காலையில், ஒரே வள்ளத்திலிருந்து, ஒரு மணித்தியாலத்துக்குள் வீசியவையா? அப்படியென்றால் அவையும் ஒன்றோடொன்று ஒட்டியவைதான். இரண்டு நாளில் மூன்று மூன்றாக வீசியிருந்தால் மீள எடுக்க வேண்டியது நாளை, உங்கள் n = 2. வடகீழ்ப் பருவமழையில் முகத்துவாரம் திறந்து உப்பு மாறும் வாவி இது. மார்கழி வீச்சையும் ஆடி வீச்சையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கினால் வரும் ஆயிடைக்கு அர்த்தம் இல்லை. இரண்டு பருவத்தையும் பிரித்தே கணியுங்கள்.

மூன்று வீச்சிலும் காரல் மட்டும்தான் வந்தது. H = 0, ஆயிடையும் 0 முதல் 0. இப்படியே எழுதலாமா?

எழுதாதீர்கள். சூத்திரமும் பூட்ஸ்ட்ராப்பும் இங்கே ஒருசேரப் படுத்துவிட்டன. இல்லாத மாறுபாட்டை மீள எடுத்து உண்டாக்க முடியாது. "மூன்று வீச்சில் இத்தனை காரல், வேறு இனம் அகப்படவில்லை" என்று எண்களாகவே எழுதி, ஆயிடைக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

கடைசியில் ஆறு வீச்சுக்கு அறிக்கையில் என்னதான் எழுதுவது? இன்னும் எத்தனை வீச்சு வேண்டும்?

நம் தாளுக்கு நான் எழுதக்கூடியது இது: "H = 1.42 (இயற்கை மடக்கை, 6 வீச்சு, 60 மீன், 7 இனம்). வீச்சுகளை மீள எடுத்த சதமணை ஆயிடை ஏறக்குறைய 0.8–1.6. வீச்சு 2ஐ விட்டால் H = 1.60." இதோடு exp(H)-ஐயும் போட்டால் வாசிப்பவருக்கு எளிது. 1.42 என்பது சமமாகக் கலந்த 4.1 இனத்துக்குச் சமம், ஆயிடை 2.2 முதல் 5 வரை. "இரண்டு இனமோ ஐந்து இனமோ தெரியாது" என்று சொல்வது போல இருக்கும். இருக்கட்டும், ஆறு வீச்சுக்கு அவ்வளவுதான் தெரியும்.

எத்தனை வேண்டும் என்பதற்கு, காரல் மாதிரிக் கூட்டமாகத் திரியும் மீன் உள்ள இடத்தில் பதினைந்துக்குக் குறைவாக நான் ஒப்புக்கொள்வதில்லை, முடிந்தால் இருபது. அதையும் பல நாட்களில் பிரித்து வீசுங்கள். வீசி முடித்த பிறகு hist(b) ஒரே மேடாகிவிட்டதா, எந்த ஒரு வீச்சை விட்டாலும் H பெரிதாக அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் வலையைக் காயப் போடலாம்.